மேகத்துக்குக் கணக்குப் பார்த்து வாங்கிய 20 வாட் பேனல்

ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30 அன்று. எங்கள் வீட்டில் கரண்ட் திரும்பி வர பதினொரு நாள் ஆனது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முற்றத்தோரம் நின்ற அயனி மரம் லைன்மேல் சாய்ந்து இரண்டு போஸ்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பா கடலுக்குப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. சித்தி கையிலிருந்த போனில் 8 சதவீதம் சார்ஜ். “மக்களே, இது மட்டும் ஆஃப் ஆயிராம பாத்துக்கிடு” என்று என் கையில் கொடுத்தார்.

ஜெனரேட்டர் ஓடிய கடை ஒன்றில் வரிசையில் நின்று, போனுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, நாலு நாள் அந்தப் போனை உயிரோடு வைத்திருந்தோம். லட்சத்தீவில் கரையேறிய சித்தப்பா யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டபோது அது அடித்தது. அதற்குப் பிறகு, கரண்ட் போனாலும் ஒரு போனாவது சாகாமல் இருக்க வீட்டிலேயே ஒரு வழி செய்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை.

முதல் முயற்சி 2018 தொடக்கத்தில். 10 வாட் பேனல் ஒன்று வாங்கினேன். பின்பக்க ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்று பெரிதாக இருந்தது. மொட்டை மாடியில் வைத்து மல்டிமீட்டரைத் தொட்டால் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேனலில் கோளாறு இல்லை. 12 வோல்ட் பேனல் என்பது 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்கான பேனல் என்று அர்த்தம். அதில் 36 செல்கள் தொடராக இருக்கும். எதுவும் மாட்டாமல் அளந்தால் 21 வோல்ட்டுக்கு மேல் வரும். நன்றாக வேலை செய்யும்போது 17, 18 வோல்ட்டில் நிற்கும். போனுக்குத் தேவை 5 வோல்ட். அதனால் நடுவில் ஒரு ரெகுலேட்டர் கட்டாயம்.

அப்போது எனக்குத் தெரிந்த ரெகுலேட்டர் 7805 தான். மூன்று கால், உலோக முதுகு, விலை ரொம்பக் குறைவு. ஒரு கால் பேனலுக்கு, நடுக்கால் நெகட்டிவுக்கு, மூன்றாவது கால் யுஎஸ்பி சாக்கெட்டுக்கு. அரை மணி நேரத்தில் சால்டர் செய்து முடித்தேன். போனில் சார்ஜ் அடையாளம் வந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பத்து சதவீதம்கூட ஏறவில்லை. 7805-ஐத் தொட்டவுடன் கையை எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சூடு.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பேனலிலிருந்து 18 வோல்ட்டில் 0.45 ஆம்ப் வந்தது. அது 8 வாட். போனுக்குப் போனது 5 வோல்ட்டில் அதே 0.45 ஆம்ப், அதாவது இரண்டேகால் வாட். மிச்சம் ஆறு வாட்டுக்குப் பக்கம் 7805-இன் முதுகில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த வகை ரெகுலேட்டர் வோல்ட்டைக் குறைக்கும்; ஆனால் உள்ளே வந்த ஆம்ப்தான் வெளியேயும் போகும். 10 வாட் பேனல் அதிகபட்சம் 0.6 ஆம்ப்தான் தரும் என்பதால், எவ்வளவு நல்ல வெயிலிலும் போனுக்கு மூன்று வாட்டுக்கு மேல் கிடைக்க வழியே இல்லை. பெரிய ஹீட் சிங்க் மாட்டினால் 7805 பிழைக்கும். சார்ஜ் வேகம் கூடாது.

இதற்கு மாற்று பக் கன்வெர்ட்டர். கடையில் எல்எம்2596 மாட்யூல் என்று கேட்டால் கிடைக்கும். தீப்பெட்டியைவிடச் சின்ன போர்டு. ஒரு காயில், இரண்டு கப்பாசிட்டர், மேலே நீலப் பெட்டி போல, வெளியே வரும் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ட்ரிம்மர். 40 வோல்ட் வரை தாங்கும். இது கூடுதல் வோல்ட்டைச் சூடாக்கி வீணடிக்காமல் ஆம்பாக மாற்றித் தருகிறது. 16 வோல்ட்டில் அரை ஆம்ப் உள்ளே போனால், 5 வோல்ட்டில் ஒன்றேகால் ஆம்ப் வரை வெளியே வரும். இருபது சதவீதம் போல மட்டுமே நஷ்டம்.

மாட்யூலை வாங்கி வந்து உடனே போனை மாட்டிவிடக் கூடாது. கடையிலிருந்து வரும்போது ட்ரிம்மர் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. என் கைக்கு வந்தது 16 வோல்ட்டை அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. யுஎஸ்பி சாக்கெட்டைச் சால்டர் செய்வதற்கு முன்பே, பேனலை ‘இன்’ பக்கம் கொடுத்து, மீட்டரை ‘அவுட்’ பக்கம் வைத்து, ட்ரிம்மரின் பித்தளைத் திருகை மெதுவாகத் திருப்ப வேண்டும். முதல் ஏழெட்டுச் சுற்றுக்கு மீட்டர் அசையவே அசையாது. கெட்டுப்போன போர்டு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இன்னும் திருப்புங்கள், திடீரென்று இறங்கத் தொடங்கும். 5.1 வோல்ட்டில் நிறுத்தி, திருகின்மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தேன். பைக் குலுக்கலில் திருகு நகராமல் இருக்க அது போதும்.

பக் கன்வெர்ட்டர் போட்ட பிறகும் போன் அதே 0.45 ஆம்ப்தான் எடுத்தது! யுஎஸ்பி மீட்டர் என்று விரல் நீளத்தில் ஒன்று விற்கிறார்கள். சாக்கெட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டும் ஆம்பும் காட்டும். அதில்தான் இதைப் பார்த்தேன். பேனலில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது.

காரணம் சாக்கெட்டில் இருந்தது. யுஎஸ்பி சாக்கெட்டுக்குள் நாலு தகடு. ஓரத்து இரண்டும் கரண்ட். நடு இரண்டும் டேட்டா. நடுவில் இரண்டும் எதிலும் சேராமல் கிடந்தால், போன் தன்னைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அரை ஆம்ப்போடு நின்றுவிடும். அந்த நடு இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால், இது சார்ஜர் என்று புரிந்துகொண்டு ஒன்றரை ஆம்ப் வரை கேட்கும். சாக்கெட்டைக் கவிழ்த்து, நடுக் கால்கள் இரண்டுக்கும் இடையில் மிளகளவு ஈயம் உருக்கி விட்டேன். ஓரத்துக் கால்களில் ஈயம் வழிந்து தொட்டுவிடாமல் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டேன். திரும்ப மாட்டியதும் மீட்டரில் 1.2 ஆம்ப். பேனல் அதேதான், வெயிலும் அதேதான். முதலில் வந்ததைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இதோடு வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். அடுத்த ஐப்பசி மழை வந்தபோதுதான் உண்மையான பரீட்சை வந்தது.

கரண்ட் நீண்ட நேரம் போவது வெயில் நாளில் இல்லையே! நம் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் உண்டு. மரம் விழுவதும் லைன் அறுவதும் அந்த நாட்களில்தான். அன்றைக்கு வானம் முழுக்க மூடியிருந்தது. மீட்டரை எடுத்துப் பேனலில் வைத்தால் 19 வோல்ட் காட்டியது. வெயில் நாள் மதியம் அளந்ததும் கிட்டத்தட்ட அதே 19 தான். ஆனால் போன் மாட்டினால் ‘டிங்’ என்று சத்தம், திரை எரிந்தது, அணைந்தது, மறுபடி ‘டிங்’. ஐந்து நொடிக்கு ஒருமுறை இப்படியே. அரை மணி நேரத்தில் சார்ஜ் இரண்டு சதவீதம் குறைந்தே இருந்தது, திரை எரிந்து எரிந்து.

சோலார் பேனலில் வோல்ட்டைப் பார்த்து ஏமாறாமல் இருப்பதுதான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது. விடிந்த கொஞ்ச நேரத்திலேயே 18 வோல்ட் வந்துவிடும்; மழை மேகத்திலும் இருக்கும். கூடிக் குறைவது ஆம்ப்தான். அதை அளப்பது ரொம்ப எளிது. மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, பேனலின் இரண்டு முனைகளிலும் நேராக வைத்துவிடலாம். பேட்டரியில் இப்படிச் செய்தால் தீப்பொறி பறக்கும், மீட்டரே போய்விடும். இவ்வளவு சின்ன பேனலை ஷார்ட் செய்தால் ஒன்றும் ஆகாது. தன்னால் முடிந்த அளவை மட்டும் தந்துகொண்டு நிற்கும். தெளிந்த வானத்தில் நண்பகலில் என் 10 வாட் பேனல் 0.58 ஆம்ப் காட்டியது. அந்த மூடிய நாளில் 0.08.

‘டிங் டிங்’ ஏன் வந்தது என்பதும் இதிலிருந்தே தெரியும். போன் ஒரு ஆம்ப் கேட்கிறது. கன்வெர்ட்டர் அதைக் கொடுக்கப் பேனலிடம் கேட்கிறது. பேனலிடம் இல்லை. உடனே பேனலின் வோல்ட் 19-லிருந்து 6-க்கு விழுந்துவிடுகிறது. வெளியே 5 வோல்ட் நிற்காது. போன் சார்ஜர் போய்விட்டது என்று விலகுகிறது. விலகியதும் சுமை இல்லாததால் பேனல் மறுபடி 19-க்கு ஏறுகிறது. போன் மறுபடி கேட்கிறது. கன்வெர்ட்டரின் இன் பக்கம் மீட்டரை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியும்.

இதன் இன்னொரு முகம் சத்தமே போடாது. சில போன்கள் விலகாமல், தாக்குப்பிடிக்கும் அளவுக்குத் தன் ஆம்பைக் குறைத்துக்கொள்ளும். மேகம் விலகி நல்ல வெயில் வந்த பிறகும் அதே குறைந்த ஆம்ப்பிலேயே இருந்துவிடும். திரையில் ‘சார்ஜ் ஆகிறது’ என்று இருக்கும். யுஎஸ்பி மீட்டரில் 0.2 ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும். கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டினால் மறுபடி 1.2. யுஎஸ்பி மீட்டர் இல்லாமல் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்தும் போன் நிறையவில்லை என்று பேனலைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்து நடுவில் பவர் பேங்க் வைப்பது. பகல் முழுக்கப் பவர் பேங்க் சார்ஜ் ஆகட்டும். ராத்திரி அதிலிருந்து போன். என் பவர் பேங்க் மேகம் வந்தால் நின்று, போனால் தானாகத் தொடங்குகிறது. திரை எரிந்து சார்ஜைத் தின்பதும் இல்லை. எல்லாப் பவர் பேங்கும் அப்படி இருக்காது. வாங்கியதும், சார்ஜில் இருக்கும்போது பேனலைத் துண்டால் மூடி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இதில் நஷ்டம் உண்டு. பவர் பேங்குக்குள் போய் வெளியே வருவதில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். வெயில் நிலையாக இருக்கும் நாளில் நான் போனையே நேராக மாட்டிவிடுவேன்.

சரி, பேனல் எவ்வளவு பெரிதாக வேண்டும்? இதற்கு வெயில் நாளை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பதுதான் அந்த ஐப்பசி சொன்னது. எங்கள் வீட்டுக் கணக்கை அப்படியே சொல்கிறேன்.

இப்போதைய போன் ஒன்றில் 5000 மில்லி ஆம்ப் மணி பேட்டரி இருக்கும். வோல்ட்டோடு பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. அதை நிரப்ப யுஎஸ்பி முனையில் 22 வாட் மணியாவது கொடுக்க வேண்டும். அம்மாவின் பட்டன் போனுக்கு 4 வாட் மணி போதும். அதுவும் மூன்று நாளைக்கு. கரண்ட் போன நாட்களில் டவரும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். தூரத்து டவரைத் தேடித் தேடி போன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய போனில் முக்கால்வாசியும் பட்டன் போனும், அதாவது யுஎஸ்பி முனையில் 20 வாட் மணி கிடைத்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நல்ல நாளில் நம் பக்கத்து வெயில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம். ஆனால் பேனலில் எழுதியிருக்கும் வாட், செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளந்தது. மொட்டை மாடியில் மதியம் செல் 60 டிகிரியைத் தொட்டுவிடும். சூடு ஏற ஏற வோல்ட் குறையும். சூடு, தூசி, சாய்வு எல்லாம் போக எழுபது சதவீதம்தான் மிஞ்சும், அதில் கன்வெர்ட்டருக்கு இன்னும் கொஞ்சம் கழித்தால், 10 வாட் பேனல் நல்ல நாளில் 30 வாட் மணி தரும். தாராளம்! ஆனால் மூடிய நாளில் ஐந்து மணி நேரம் என்பது ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சமமாகிவிடும். அப்போது 10 வாட் பேனல் தருவது 7 வாட் மணி. அம்மாவின் போனுக்கும் பெரிய போனில் ஒரு ஓரத்துக்கும் மட்டும். 20 வாட் என்றால் 15. 30 வாட் என்றால் 22.

கணக்குப்படி எனக்கு வேண்டியது 30 வாட். வாங்கியது 20 வாட். பைக்கில் எடுத்துப் போக வேண்டும் என்பதால் அந்த முடிவு. 20 வாட் பேனல் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட நீளம், ஒரு அடிக்கு மேல் அகலம், இரண்டு கிலோ அளவு எடை. ஒரு கையில் தூக்கலாம். மூடிய நாளில் 15 வாட் மணி என்பது அம்மாவின் போனும் பெரிய போனில் பாதியும்; பெரிய போனைக் கூப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் சமாளிக்க முடிகிறது. வீட்டோடு மட்டும் வைத்துக்கொள்பவர்கள் 40 வாட்டே வாங்கிவிடலாம்.

மூடியில் சின்ன சோலார் ஒட்டிய பவர் பேங்கைப் பக்கத்து வீட்டுப் பையன் ஒருமுறை கொண்டுவந்து காட்டினான். கையகலம், 14 சென்டிமீட்டருக்கு 7. ஒரு சதுர மீட்டரில் விழும் முழு வெயில் 1000 வாட். நல்ல செல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்கும். இந்தக் கையகலத்துக்கு இரண்டு வாட்டுக்கு மேல் வர வாய்ப்பே இல்லை. அதிலிருக்கும் 10,000 மில்லி ஆம்ப் மணியை நிரப்ப ஒரு வாரம் வெயிலில் போட வேண்டும். அப்படிப் போட்டால் உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி வெந்துபோகும். “அப்போ இது வெறும் பவர் பேங்க்தானா அண்ணே?” என்று கேட்டான். ஆமாம் மக்கா, வெறும் பவர் பேங்காக நல்ல பொருள்தான், வீட்டுச் சார்ஜரில் போட்டு நிரப்பி வைத்துக்கொள் என்றேன். எவ்வளவு பெரிய வாட் எழுதியிருந்தாலும் நீள அகலத்தை அளந்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் தெரிந்துவிடும்.

20 வாட் பேனலுக்கும் அதே எல்எம்2596 மாட்யூல்தான். வயர் விஷயத்தில் மட்டும் ஒரு தப்பு செய்து திருத்தினேன். முதலில் கன்வெர்ட்டரைப் பேனலின் முதுகிலேயே ஒட்டி, அங்கிருந்து பத்து மீட்டர் வயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தேன். உள்ளே வந்து அளந்தால் 5.1 வோல்ட் 3.9 ஆகியிருந்தது. 0.5 சதுர மில்லிமீட்டர் வயர், போக வர இருபது மீட்டர், 1.5 ஆம்ப் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடுகிறது. 5 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் போன் சார்ஜே ஏற்காது. கன்வெர்ட்டரைக் கழற்றி வீட்டுக்குள், போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அதே நீள வயரில் இப்போது ஓடுவது 17 வோல்ட்டில் முக்கால் ஆம்ப். போவது அரை வோல்ட். 17-இல் அரை வோல்ட் போவதை யாரும் கவனிக்கப் போவதில்லை. நீள வயர் பேனல் பக்கம், குட்டைக் கேபிள் போன் பக்கம். போனும் பவர் பேங்கும் நிழலில் இருப்பதும் இதனால் நடந்துவிடுகிறது. பேனலுக்கு அடியில் நிழல்தானே என்று அங்கே வைப்பவர்கள் உண்டு. பேனலின் அடிப்பக்கம் அடுப்புக் கல் போலச் சூடாக இருக்கும். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. போனே சூட்டில் சார்ஜை நிறுத்திவிடும்.

அப்புறம், பயம் ஒன்று இருந்தது. பக் கன்வெர்ட்டர் கெட்டுப்போனால் உள்ளே வருவதை அப்படியே வெளியே விட்டுவிடும் வழியிலும் கெடலாம். அப்போது போனுக்கு 19 வோல்ட். பேனல் பக்கம் ஃபியூஸ் போடலாம் என்று நண்பர் சொன்னார். அது உதவாது. ஃபியூஸ் எரிய அதிக ஆம்ப் வேண்டும். இந்தப் பேனலை முழுதாக ஷார்ட் செய்தாலும் 1.2 ஆம்ப்தான் வரும், வேலை செய்யும்போது வருவதும் கிட்டத்தட்ட அதுவே. ஃபியூஸுக்கு வித்தியாசமே தெரியாது. அதற்குப் பதில் யுஎஸ்பி சாக்கெட்டின் கரண்ட் கால்கள் இரண்டுக்கும் குறுக்கே 5.6 வோல்ட், 5 வாட் ஜீனர் டயோடு ஒன்றைச் சால்டர் செய்தேன், கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில். 5.1 இருக்கும்வரை அது சும்மா இருக்கும். வோல்ட் ஏறினால் கரண்டைத் தன் வழியாக இழுத்துக்கொண்டு ஏற விடாது. பேனல் தருவதே 1.2 ஆம்ப் என்பதால் இவ்வளவு சின்ன ஜீனரால் கொஞ்ச நேரமாவது இது முடிகிறது. அதிகம் சூடாகி அது செத்தாலும் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும், போன் தப்பிவிடும். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் அமைப்பில் இதை மட்டும் நம்பக் கூடாது, அங்கே ஃபியூஸும் வேண்டும்.

பேட்டரி என்றதும் ஒன்று. என் அத்தான் வீட்டில் 20 வாட் பேனலை 7 ஆம்ப் மணி பேட்டரியில் நேராக மாட்டி வைத்திருந்தார். “12 வோல்ட்டுக்கு 12 வோல்ட் தானே?” என்றார். நாலே மாதத்தில் பேட்டரி வயிறு உப்பிவிட்டது. பேட்டரி 14.4 வோல்ட் வந்ததும் பேனலை நிறுத்த ஆள் வேண்டும்; நிறுத்தாவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வாயுவாகிப் போய்விடும். அந்த வேலைக்குத் தனியாகச் சார்ஜ் கன்ட்ரோலர் இருக்கிறது. போனுக்கான பக் கன்வெர்ட்டர் அதற்கு மாற்று இல்லை. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் அதற்குப் பிறகே பேனலையும் மாட்ட வேண்டும். கழற்றும்போது நேர் எதிர். அத்தான் இப்போது யுஎஸ்பி சாக்கெட் உள்ள கன்ட்ரோலரே வைத்திருக்கிறார். லைட்டும் எரிகிறது, போனும் சார்ஜ் ஆகிறது.

பேனலைப் பயணத்துக்கு எடுத்துப்போனது கீரிப்பாறைப் பக்கம், உறவினரின் ரப்பர் தோட்டத்துக்கு. பால் வெட்டுபவர்கள் தங்கும் ஷெட்டில் கரண்ட் கிடையாது. மூன்று நாள் தங்கினோம். செப்டம்பர் மாதம், ரப்பர் இலை அடர்ந்து நின்றது. ஷெட் கூரைமேல் வைத்துப் பார்த்தேன். அங்கங்கே வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தது. பேனலில் பாதிக்கு மேல் வெளிச்சமாகவே இருந்தது. ஆம்ப் அளந்தால் 0.1. பாதி வெளிச்சத்துக்குப் பாதி கரண்ட் வரும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அப்படி இல்லை. 36 செல்லும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒரு குழாயை ஓரிடத்தில் மிதித்தால் தண்ணீர் முழுக்க நிற்பது போல, ஒரே ஒரு செல் நிழலில் இருந்தாலும் எல்லாவற்றின் கரண்டும் அந்தச் செல் அளவுக்கு இறங்கிவிடும். இதை வீட்டில் திறந்த வெயிலில் சோதித்தேன். 1.1 ஆம்ப் தந்துகொண்டிருந்த பேனலில் ஒரு செல்லை மட்டும் உள்ளங்கையால் முழுதாக மறைத்தேன். மீட்டர் 0.1-க்குக் கீழே போய்விட்டது. தென்னை ஓலை நிழல் ஒரு கீற்று விழுந்தாலும் பெரிய இறக்கம்தான்.

அதனால் தோட்டத்தில் ஓடைக்கரைப் பாறை ஒன்றைத் தேடிப்பிடித்தோம். காலை ஒன்பதரை முதல் இரண்டு மணி வரை அங்கே திறந்த வெயில். பவர் பேங்கைத் துண்டில் சுற்றிப் பாறை இடுக்கில் வைத்துவிட்டேன். மதியத்துக்குள் மூன்று விளக்கு எரிந்தது, நாலாவது மின்னிக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு போனுக்குப் போதுமானது. ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து நிற்கும்போது போனால் ஷெட் கூரையே போதும் என்று அங்கிருந்தவர் சொன்னார். ஆனால் வெறும் கிளையின் நிழலும் ஒரு செல்லை மறைக்கப் போதும். போனால் பாறைக்குத்தான் போவேன்.

வீட்டு மொட்டை மாடியில் பேனலைச் சாய்த்து வைக்க ஒரு செங்கல்தான் பயன்படுத்துகிறேன். பேனல் என்றால் தெற்கே பார்த்துச் சாய்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். வடக்கு ஓரத்தின் அடியில் செங்கல் வைத்திருந்தேன். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே முப்பது டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கும், அதற்கு அது சரி. போன ஜூனில் மழைவிட்ட ஒரு நாள் மதியம், முற்றத்துக் கம்பத்தின் நிழல் தெற்கே விழுவதைத் தற்செயலாகப் பார்த்தேன். நாம் இருப்பது எட்டு டிகிரி வடக்கில். சூரியன் ஏப்ரல் நடுவில் நம் தலைக்கு மேலே வந்து, அப்புறம் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். ஜூன் கடைசியில் நண்பகலில் உச்சியிலிருந்து பதினைந்து டிகிரி வடக்கே நிற்கும். என் பேனலோ தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது. அளந்தேன்: 0.98 ஆம்ப். செங்கல்லை எடுத்துத் தெற்கு ஓரத்தின் அடியில் வைத்தேன்: 1.12. இப்போது ஏப்ரல் நடுவில் ஒருமுறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் செங்கல் இடம் மாறுகிறது. மறந்துவிடாமல் இருக்க, கைப்பிடிச் சுவரில் பென்சிலால் அந்த இரண்டு மாதங்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.